நான்கு கட்டங்களும் நாற்பத்தொன்பது பேரும்

2009ஆம் ஆண்டு 'நேச்சர் ஜெனிட்டிக்ஸ்' இதழில் ஓர் இந்திய ஆய்வு வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும், அவர்களோடு பலரும் சேர்ந்து எழுதியது. இதயத் தசையில் உள்ள ஒரு புரதத்துக்கான MYBPC3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இருக்கிறது. இதயத் தசை நோய் உள்ளவர்களிடம் அது அதிகம் என்பதுதான் செய்தி. தெற்காசிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 4% பேரிடம் இந்த விடுபடல் உண்டு என்றும் அவர்கள் கண்டார்கள். இந்தியாவில் மட்டுமே அது நாலு கோடிக்கு மேல்.

இவ்வளவு பெரிய செய்தியைத் தாங்கி நின்றது நான்கு எண்கள் கொண்ட ஒரு சின்ன அட்டவணை. முதல் கட்ட ஆய்வில் நோயாளர் 354 பேர். அவர்களில் 49 பேரிடம் விடுபடல் இருந்தது, 305 பேரிடம் இல்லை. நோயற்றவர் 238 பேர். அவர்களில் 7 பேரிடம் இருந்தது, 231 பேரிடம் இல்லை. கணக்கு நேரடியானது. நோயாளர் பக்கம் 'இருக்கிறது' என்பதை 'இல்லை' என்பதால் வகுத்தால் 49/305, அதாவது 0.161. நோயற்றவர் பக்கம் 7/231, அதாவது 0.030. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 5.3. இதுதான் ஆட்ஸ் விகிதம்.

```
OR = (a × d) / (b × c) = (49 × 231) / (305 × 7) = 5.3
```

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும், நேராக 'விடுபடல் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு நோய்' என்று கேட்கக் கூடாதா? கேட்டுப் பார்க்கலாம். விடுபடல் உள்ள 56 பேரில் 49 பேர் நோயாளர், 87.5% ஆகிறது. இந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. மருத்துவமனையிலிருந்து 354 பேரையும் வெளியிலிருந்து 238 பேரையும் எடுத்தது ஆய்வாளர்களின் முடிவு. நோயற்றவர்களை இரண்டாயிரம் பேராக எடுத்திருந்தால் அந்த 87.5% என்பது 50%க்கும் கீழே சரிந்திருக்கும். ஆட்ஸ் விகிதம் மட்டும் அசையாது. ஒரு பக்கத்தின் இரண்டு கட்டங்களும் ஒரே மடங்கில் பெருகும்போது அந்த மடங்கு வகுத்தலில் அடிபட்டுப் போகிறது. நோயாளரையும் நோயற்றவரையும் தனித்தனியாகத் திரட்டும் ஆய்வுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் இதுதான். கையாலேயே சரிபார்த்துவிடலாம் என்பதையும் நான் பெரிய பலமாகவே மதிக்கிறேன். இன்று மரபியல் ஆய்வுகளில் வாசகரால் சரிபார்க்க முடிகிற இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

அந்த 5.3ஐ எவ்வளவு நம்பலாம்? ஆய்வு கொடுத்த 95% நம்பிக்கை இடைவெளி 2.3 முதல் 13 வரை. இவ்வளவு அகலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கணக்கின் இயல்பு விளங்கும். ஆட்ஸ் விகிதத்தின் மடக்கைக்கான பிழையளவு, நான்கு எண்களின் தலைகீழ்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது. 1/49, 1/305, 1/7, 1/231 நான்கையும் கூட்டினால் 0.171, அதில் 1/7 மட்டுமே 0.143. ஆக, 592 பேரைச் சோதித்த ஆய்வில் ஐயத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஏழு பேரிடமிருந்து வருகிறது. ஏழு என்பது ஐந்தாக இருந்திருந்தால் விகிதம் 7.5, ஒன்பதாக இருந்திருந்தால் 4.1. ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதிரிகளைத் தவறாகப் படித்திருந்தால் போதும். அந்தக் குழு வேறு நோயாளரையும் வேறு நோயற்றவரையும் கொண்டு ஆய்வைத் திரும்பச் செய்தது, 8.59 வந்தது, இரண்டையும் சேர்த்து 6.99 என்றது. சின்னக் கட்டம் உள்ள அட்டவணைக்கு அதுதான் முறையான வைத்தியம்.

மேலே எண்ணியது ஆட்களை. மரபியலாளர்கள் பெரும்பாலும் அல்லீல்களை எண்ணுவார்கள். ஒருவருக்கு இரண்டு பிரதிகள் என்பதால் 354 பேர் 708 குரோமோசோம் ஆவார்கள், 238 பேர் 476 ஆவார்கள். விடுபடல் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு பிரதிதான் என்று வைத்துக்கொண்டால் அட்டவணை 49, 659, 7, 469 என்று மாறும்; விகிதம் 4.98. அரிய அல்லீல் என்பதால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் எண்ணிக்கை இரட்டிப்பானது, மாதிரியும் இரட்டிப்பானதுபோல் ஒரு தோற்றம் வருகிறது. ஒருவரின் இரண்டு பிரதிகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வந்தவை என்றால்தான் அந்த இரட்டிப்பு செல்லும் என்று பீட்டர் சசியேனி 1997இல் எடுத்துக் காட்டினார்.

இங்கே நம் ஊர் வழக்கம் குறுக்கே வருகிறது. தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதும் அத்தை மகளைக் கட்டுவதும் தமிழ்நாட்டிலும் தென்னாந்திராவிலும் நெடுங்காலப் பழக்கம். அப்படிப் பிறந்த குழந்தையிடம் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, மாமன் திருமணத்தில் எட்டில் ஒன்று, அத்தை மாமன் மக்கள் திருமணத்தில் பதினாறில் ஒன்று. இதைக் காட்டித் தென்னிந்தியாவில் அல்லீல் எண்ணவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணில் போட்டுப் பார்த்தால் அந்த அச்சம் மிகை என்று தெரிகிறது. ஆய்வில் உள்ள எல்லோருமே மாமன் திருமணத்தில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் பிழையளவு ஏறுவது 6% அளவுக்குத்தான். உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். விகிதமும் பெரிதாக இடம் மாறாது. உண்மையான கவலை வேறு: அண்ணனையும் தங்கையையும் பங்காளிகளையும் அறியாமலே ஒரே பட்டியலில் சேர்த்துவிடுவது. ஒரு குடும்பத்தில் மூன்று பேரிடம் உள்ள ஒரே பிரதி மூன்று சான்றுகளாக எண்ணப்படும். ஏழு பேர் உள்ள கட்டத்தில் அது ஆய்வையே புரட்டிவிடும். ரத்தம் எடுக்கும்போது ஊரையும் பெற்றோரின் சொந்தத்தையும் கேட்டு எழுதிவைத்த ஆய்வு இதைக் கண்டுபிடித்துவிடும்.

பெரிய ஆபத்து குழுக்கள் கலப்பதில் இருக்கிறது. அதைக் காட்டச் சத்தியவேட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1960இன் எல்லை மாற்றத்தில் ஆந்திரத்தோடு சேர்ந்து, சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு வந்த ஊர். தமிழும் தெலுங்கும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படுகின்றன. ஒரே தெருவில் வாழ்ந்தாலும் பெண் கொடுத்து எடுப்பது அவரவர் சாதிக்குள். மரபணு அளவில் இந்தத் தடுப்பு எவ்வளவு வலுவானது என்பதையும் அதே 2009இல் தங்கராஜ் உள்ளிட்ட குழு 'நேச்சர்' இதழில் காட்டியது: இந்தியக் குழுக்களுக்கு இடையே அல்லீல் அளவுகளில் உள்ள வேறுபாடு ஐரோப்பியக் குழுக்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது.

கற்பனையாக ஓர் ஆய்வை வைத்துக்கொள்வோம். சத்தியவேடு வட்டாரத்தில் இரண்டு குழுக்கள். முதல் குழுவில் ஓர் அல்லீலின் அளவு 8%, இரண்டாவதில் 2%. அந்த அல்லீலுக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நோயாளர்களைச் சென்னை மருத்துவமனை ஒன்றில் திரட்டுகிறார்கள். அங்கே போய்வர வசதியுள்ள முதல் குழுவினர் 300 பேர், மற்றவர் 100 பேர் வருகிறார்கள். நோயற்றவர்களை ஊரிலேயே முகாம் போட்டு எடுக்கிறார்கள்; அங்கே முதல் குழு 100, இரண்டாவது 300. நோயாளர் பக்கம் 800 குரோமோசோமில் 48உம் 4உம் சேர்ந்து 52 அல்லீல். நோயற்றவர் பக்கம் 16உம் 12உம் சேர்ந்து 28. விகிதம் (52 × 772) / (748 × 28), அதாவது 1.92. நம்பிக்கை இடைவெளி 1.2 முதல் 3.1 வரை, ஒன்றைத் தொடவே இல்லை. இல்லாத தொடர்பு, புள்ளியியலின் கண்ணில் உறுதியான தொடர்பாகத் தெரிகிறது. மாதிரியைப் பத்து மடங்கு ஆக்கினால் பொய் இன்னும் உறுதியாகும்.

அதே ஆட்களைக் குழு வாரியாகப் பிரித்து இரண்டு அட்டவணை போட்டால் முதலாவதில் 48, 552, 16, 184. விகிதம் சரியாக 1. இரண்டாவதில் 4, 196, 12, 588, அங்கும் 1. இப்படிப் பிரித்த அட்டவணைகளை எடையிட்டுச் சேர்ப்பதைத்தான் மேன்டல்-ஹேன்செல் முறை என்கிறார்கள். ஆகவே ஓர் இந்திய ஆய்வைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது பி-மதிப்பை அல்ல. இரு பக்கத்தாரும் எந்த ஊர், என்ன மொழி, எந்தக் குழு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்களா என்பதைத்தான்.

எண்ணிக்கை சரியாக இருந்து, குழுக்களும் ஒத்திருந்து, திரும்பச் செய்த ஆய்வும் அதையே சொன்ன பிறகும் அட்டவணையால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. அந்த 25 எழுத்து விடுபடலின் கதையிலேயே அது வெளிப்பட்டது. 2020இல் ஆண்ட்ரூ ஹார்ப்பரும் உடன் ஆய்வாளர்களும், இதயத் தசை தடித்துப்போகும் நோய் உள்ள 5,393 பேரின் மரபுத் தகவலை எடுத்துப் பார்த்தார்கள். விடுபடல் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம், அதே மரபணுவில் வேறோர் இடத்தில் c.1224-52G>A என்ற ஓர் எழுத்து மாற்றமும் சேர்ந்தே இருந்தது. தடித்தல் நோய்க்கு விடுபடல் காரணம் என்று கருதப்பட்ட கூடுதல் அபாயத்தை இந்த இரண்டும் சேர்ந்த வடிவமே விளக்கிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. தனியாக வரும் விடுபடல் அந்த நோயின் காரணமாகத் தெரியவில்லை.

2009இன் எண்கள் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த ஆய்வில் இதயத் தசை நோயின் பல வகைகள் இருந்தன. 2020இல் ஒரு வகை மட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அட்டவணை எண்ணியது விடுபடல் உள்ள ஆட்களை. அவர்களில் சிலர் நோய்க்காரணத்தையும் சுமந்து வந்திருக்கலாம். நோயாளர் பக்கத்தில் அவர்கள் குவிந்ததால் விகிதம் ஏறியிருக்கலாம். ஒரே குரோமோசோமில் சேர்ந்து பயணிக்கும் இரண்டு மாற்றங்களில் எது செய்தது என்று நான்கு கட்டங்களால் பிரித்தறிய இயலாது. இரண்டையும் அளந்து, 'விடுபடல் மட்டும்', 'இரண்டும்', 'எதுவும் இல்லை' என்று மூன்று வரிசை போட்டால்தான் தெரியும்.

இதனால் பாதிக்கப்படுவது சோதனை அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்கள். 'ஏழு மடங்கு ஆபத்து' என்று படித்தவர்கள், விடுபடல் இருக்கிறது என்ற ஒரு வரியைக் கண்டு வாழ்நாள் முழுக்க அஞ்சுகிறார்கள். மறுபக்கம், உண்மையில் கண்காணிக்க வேண்டியவர்கள் தப்பிவிடுகிறார்கள். அந்த -52 மாற்றம் புரதத்தை எழுதும் பகுதிக்கு வெளியே, அதன் விளிம்பிலிருந்து 52 எழுத்து தள்ளி இருப்பதால் வழக்கமான மரபணுச் சோதனை அதைப் படிக்காமல் விட்டுவிடக்கூடும். விடுபடல் உண்டு என்று அறிக்கை வந்தால், -52 இடத்தையும் படித்தீர்களா என்று ஆய்வுக்கூடத்திடம் மருத்துவர் கேட்டுப் பெற வேண்டும்.