இரண்டு திருத்தம் இலவசம்

வாட்ஸ்அப் கல்யாணப் பத்திரிகை செய்து தருபவர்களின் விளம்பரக் குறிப்புகளில் என் கண் முதலில் தேடுவது கடைசி வரியைத்தான். நல்ல குறிப்பு ஒன்று இப்படி முடியும்: “முழு விவரமும் வந்த பிறகு 2 நாள். 2 முறை திருத்தம் இலவசம். எங்கள் எழுத்துப்பிழை கணக்கில் வராது.”

எவ்வளவு அனுபவம் இந்த மூன்று வாக்கியங்களில்! அட்வான்ஸ் கொடுத்த அன்றே நாள் ஓடத் தொடங்குவதில்லை. முகூர்த்த நேரமும் மண்டப முகவரியும் கைக்கு வந்த பிறகுதான். திருத்தம் என்பதும் ஒரு சுற்று. பெரியப்பா பெயருக்குப் பின்னால் பட்டம், தாய்மாமன் பெயருக்கு முன்னால் இனிஷியல், பின்னணி நிறம் என்று மூன்றையும் ஒரே செய்தியில் சொன்னால் ஒரு திருத்தம்தான். தனித்தனியாகச் சொன்னால் மூன்றாவதற்குக் காசு. ஆகவே முதல் படம் வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரிடமும் காட்டிவிட்டுப் பதில் எழுதுவது நல்லது.

மாதிரிகளிலும் நேர்மை தெரியும். மணமக்களின் சின்னப் பெயர் மட்டும் இருந்தால் எந்த வடிவமும் அழகாகத்தான் இருக்கும். தாத்தா பாட்டி, பெற்றோர், ஊர், வரவேற்பு நேரம் எல்லாம் நிரம்பிய பிறகும் செல்போன் திரையில் பெரிதாக்காமல் படிக்க முடிகிற மாதிரியைப் போடுகிறவரே தொழில் தெரிந்தவர். அவர் பத்திரிகையைப் பிடிஎஃப் ஆகவும் தருவார். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்குவதில் சின்ன எழுத்துகள் மங்கிவிடும்.