நாற்காலிக்கு மட்டும் உத்தரவாதம்

பணி இடைவெளிக் கொள்கை என்று நிறுவனங்கள் தரும் தாள்களைப் படித்துச் சொல்லும்படி தோழிகள் அவ்வப்போது என்னிடம் கொடுப்பதுண்டு. பெரும்பாலும் நான்கு பத்திகள் இருக்கும்: யாருக்குத் தகுதி, சம்பளம் கிடையாது, திரும்பி வந்தால் வேலைக்கு உத்தரவாதம், இடைப்பட்ட காலத்தில் என்னென்ன சலுகைகள். வாசிப்பவரின் கண் மூன்றாவது பத்தியில் போய் நின்றுவிடும். ‘உத்தரவாதம்’ என்ற சொல் அங்கே இருந்தால் மற்ற பத்திகளை நாம் மன்னித்துவிடுகிறோம்.

அந்தச் சொல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை இங்கிலாந்தின் ஒரு வழக்கு காட்டிவிட்டது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தில் மேலாளராக இருந்த ஒரு பெண், 1990இல் அதன் குழந்தை வளர்ப்பு இடைவெளித் திட்டத்தில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு வாரம் வந்து வேலை செய்ய வேண்டும். திரும்பும்போது பழைய நிலைக்கு ஒப்பான பதவி நிச்சயம். ஒரே ஒரு நிபந்தனை, முதலில் ராஜினாமா செய்ய வேண்டும். அவர் செய்தார், 1994இல் சொன்னபடி வேலைக்கும் திரும்பினார். வாக்கு காப்பாற்றப்பட்டது.

1999இல் ஆட்குறைப்பு வந்தபோதுதான் ராஜினாமா என்ற சொல் விழித்துக்கொண்டது. ஆட்குறைப்பு இழப்பீடு, தொடர்ச்சியாகப் பணியாற்றிய ஆண்டுகளைப் பொறுத்தது. அவருடைய ஆண்டுகளை நிறுவனம் 1994இலிருந்து எண்ணியது. இடைவெளிக்கு முந்தைய உழைப்பு முழுவதும் கணக்கில் இல்லாமல் போயிற்று. ஒருவர் வேலையில் இல்லாத வாரங்களிலும், ஏற்பாட்டின்படியோ வழக்கத்தின்படியோ அவரை ஊழியராகவே கருதிவந்தால் பணித் தொடர்ச்சி அறுபடாது என்று அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அவர் அதை நம்பி வாதாடினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அந்த நான்கு ஆண்டுகளில் இரு தரப்பும் அவரை ஊழியராகக் கருதியதாகக் கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். யோசித்தால், திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்ற வாக்கையே வெளியே அனுப்பிவிட்டவருக்குத்தானே தர முடியும்.

நம் ஊர்த் தாளுக்கு வருவோம். சமீபத்தில் என் கைக்கு வந்தது சென்னையில் இயங்கும் ஒரு நிறுவனத்தினுடையது. ராஜினாமா கேட்கவில்லை, நல்லது. ஆனால் ‘விடுப்பு’ என்று எங்கும் எழுதவில்லை, ‘பணி முறிவு’ என்றே எழுதியிருந்தார்கள். 1972ஆம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டம் தந்த வரையறையில் விடுப்பு பணித் தொடர்ச்சியை அறுக்காது. அப்படியிருக்க, முறிவு என்ற சொல்லை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வது நாளைய தகராறுக்கு இன்றே போடும் விதை. தகுதிப் பத்தியும் அப்படித்தான். கடைசி இரண்டு மதிப்பீடுகளும் ‘நன்று’ என்றிருக்க வேண்டுமாம். பேறுகால விடுப்பிலிருந்து வந்த முதல் ஆண்டில் யாருக்கு நன்று போடுகிறார்கள்?

என்னை அதிகம் கலக்கியது சம்பளமில்லை என்ற எளிய பத்தி. ஈஎஸ்ஐ வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அவர் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதல் குழந்தைக்காக ஒருத்தி ஜூன் 1 முதல் ஓராண்டு இடைவெளி எடுத்து, அடுத்த ஜூன் 1 அன்று வேலைக்குத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவள் இரண்டாவது குழந்தையைச் சுமக்கிறாள், பிரசவ தேதி ஜூலை 15. ஒரு நாள் விடாமல் போனாலும் 45 நாள்கூட நிறையாது. அவளுடைய நாற்காலி பத்திரமாக இருக்கும், பேறுகாலச் சம்பளம் இருக்காது. குழந்தை வளர்ப்பதற்கென்றே தந்த இடைவெளி, அடுத்த குழந்தைக்கான உரிமையைத் தின்றுவிடுகிறது.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் கொடுக்க நிறுவனத்துக்குத் தடையில்லை. ‘பேறுகால உரிமைக்கான நாட்களைக் கணக்கிடும்போது, இடைவெளிக் காலம் விலக்கப்பட்டு அதற்கு முந்தைய பணிநாட்கள் சேர்க்கப்படும்’ என்ற ஒரு வரி போதும். சலுகைகள் பத்தியில் அது இல்லை. உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் அட்டை தொடரும் என்பது மட்டும் தவறாமல் இருக்கிறது.

தாளைக் கொடுத்த தோழி இந்த வரியைச் சேர்க்கும்படி மனிதவளத் துறைக்கு எழுதிக் கேட்டாள். வேலைக்குத்தான் உத்தரவாதம் தந்திருக்கிறோமே என்று பதில் வந்தது. அவள் இன்னும் கையெழுத்திடவில்லை.