28 நாளில் ஒரு சுற்று

பாடாங் மேஹாவில் ரப்பரும் செம்பனையும் பார்த்தே வளர்ந்தவன் நான். பாலும் குலையும் தர ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மரங்கள் அவை. அதே மண்ணில் விதைத்த 25ஆம் நாள் கங்கோங்கை வேரோடு பிடுங்கி, மண் அலசி, கூடையில் அடுக்கியபோது எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது!

அரை ஏக்கர் குத்தகை நிலம். அதை நான்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பங்கில் விதைக்கிறேன். நான்காம் பங்கை விதைத்து முடித்த கையோடு முதல் பங்கு அறுவடைக்கு வந்துவிடும். பிடுங்கிய பாத்தியைக் கொத்தி, கோழி எருவும் சுண்ணாம்பும் போட மூன்று நாள். ஆக, 28 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். மொத்தச் சந்தை தவுக்கேக்கு ஒரே நாளில் மலை மலையாகக் கொட்டுகிறவன் வேண்டாம். வாரம் தவறாமல் வருகிறவன்தான் வேண்டும். விலை ஒரு வாரம் விழுந்தாலும் என் விளைச்சலில் கால்பங்குதான் அடிபடும்.

இந்த ஏற்பாடு என்னைக் காப்பாற்றியது ஓர் அக்டோபரில். அப்போது இரண்டு பங்கில் சாவி, இரண்டு பங்கில் கங்கோங். மூன்று நாள் விடாத மழை. சாவியின் இலையோரம் வெந்நீர் பட்டதுபோல் துவண்டது. அடித்தண்டை விரலால் அழுத்தினேன். கொழகொழவென்று உள்ளே போனது, அழுகல் வாடை வேறு. அந்த வாடை வந்துவிட்டால் மருந்தடித்துப் பயனில்லை, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். பக்கத்துப் பங்கில் கங்கோங்கோ தேங்கிய தண்ணீரில் ஜம்மென்று நின்றது! அந்த மாத வாடகையை அதுதான் கட்டியது. அதிலிருந்து மழை மாதங்களில் சாவிக்கு ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை, அதுவும் முழங்கால் உயரப் பாத்தியில்தான்.

குத்தகைத் தாளும் பயிரைப் போலவே எனக்குப் பிரியமானது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். மூன்றாண்டு வரை வாய்ப்பேச்சே போதும். ஆனால் கிரானில் குறிப்பு ஏற்றாவிட்டால், நிலத்தை வாங்குகிற புதியவரை அது கட்டுப்படுத்தாது. அதனால் நான் எழுதி, முத்திரை வரி கட்டி, குறிப்பும் ஏற்றினேன். கையெழுத்துக்கு முன் கிரானில் நில நிபந்தனையையும் படித்தேன்; 'ரப்பர்' என்று மட்டும் இருந்தால் காய்கறி போட முடியாது.

எல்லாவற்றிலும் எனக்கு உயிரான வரி ஒன்று உண்டு: நிலத்தைத் திரும்பக் கேட்டால் 90 நாள் அவகாசம், நிற்கிற பயிர் என்னுடையது. ஏன் 90? நான் போடுவதில் நீண்ட வயது பயற்றங்காய்க்கு. 45 நாளில் முதல் பறிப்பு, பிறகு ஒரு மாதம் காய்க்கும். கேட்கும் அன்று காலையில் விதைத்திருந்தாலும் கடைசிக் காய்வரை பறித்துவிட்டுத்தான் படலைச் சாத்துவேன்.