முதலில் பலகையைப் படியுங்கள்

மேசை போட்டு வாதாடும் ஆட்டத்தைப் பற்றிக் கூலிமில் யாரிடம் பேச்செடுத்தாலும் எனக்கு இரண்டே பதில்தான் கிடைக்கிறது. ஒன்று: “ஓ, வெள்ளைக்காரன் ஒருத்தன் காலேஜ் பிள்ளைகளை உட்கார வெச்சு மடக்குவானே, அதுதானே?” இன்னொன்று: “நமக்குத்தான் பட்டிமன்றம் இருக்கே!” முதல் பதிலைச் சொல்பவர் நாற்பது விநாடித் துண்டு வீடியோவுக்கு மேல் பார்த்ததில்லை. இரண்டாவது ஆசாமியிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எந்தப் பட்டிமன்றத்தில் ஒருவர் “ஐயா, நான் தோற்றுவிட்டேன்” என்று உட்கார்ந்தார்? நடுவர் இரண்டு அணியையும் தட்டிக்கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் பிடித்த தீர்ப்பைச் சொல்லி அனுப்பிவிடுவார். நான் சொல்லும் ஆட்டத்தில் நடுவரும் இல்லை, அணியும் இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பலகை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பொது இடத்தில் மேசை போட்டு உட்கார்வார். பலகையில் ஒரு துணிச்சலான வாக்கியம் இருக்கும். வழியில் போகும் யாரும் எதிரே உட்கார்ந்து மறுக்கலாம். அமெரிக்காவில் ஸ்டீவன் க்ரௌடர் 2018 பிப்ரவரியில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஆண்களுக்குச் சலுகை என்பது கட்டுக்கதை என்று எழுதி உட்கார்ந்த படம்தான் உலகம் சுற்றியது. சார்லி கர்க் பல்கலைக்கழக வளாகங்களில் கூடாரம் போட்டு இதையே ஒரு பயணமாக்கினார். 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டாவில் அப்படி உட்கார்ந்திருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் சொன்ன கருத்துகள் உங்களுக்குப் பிடிக்கவேண்டியதில்லை. எனக்கும் பெரும்பாலும் பிடிக்காது. வில்லனைப் பிடிக்காதவன் தெருக்கூத்து பார்க்காமலா இருக்கிறான்?

“அமெரிக்கக் குப்பை” என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு சங்கதி. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பட்டியல் போடும்போது, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து ஏற்றிய கொடி ஒன்றும் வருகிறது. அதுதான் பலகை. அதைவிடப் பொருத்தமானவள் குண்டலகேசி. ஊர்வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டுவிட்டுப் போவாள். வாதாட வருபவர் அதை மிதிக்கவேண்டும். பௌத்த உரைக்கதைப்படி சாவத்தியில் சாரிபுத்தர் சிறுவர்களைக் கொண்டு அதை மிதிக்கவைத்தார். அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: “ஒன்று என்பது எது?” அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். பிக்குணி ஆனாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கவனிக்காமல் இந்த ஆட்டத்தைப் பார்ப்பது, ஆஃப்சைடு தெரியாமல் பந்து விளையாட்டைப் பார்ப்பது போல.

க்ரௌடரின் பலகையில் கடைசி வரி ‘சேஞ்ச் மை மைண்ட்’. கர்க்கின் பலகையில் ‘ப்ரூவ் மீ ராங்’. இரண்டும் ஒன்றுதானே என்று ரசிகர்களும் சொல்கிறார்கள், விமர்சகர்களும் சொல்கிறார்கள். இல்லவே இல்லை! “என் மனத்தை மாற்று” என்றால் தீர்ப்புச் சொல்பவர் யார்? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரேதான். நீங்கள் மலையைப் புரட்டிப் போட்டாலும், “ம்ஹூம், மாறவில்லை” என்றால் கதை முடிந்தது. “நான் சொல்வது தவறென்று காட்டு” என்றால் தீர்ப்பு மேசையைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. சுற்றி நிற்கிற கூட்டமும் பார்த்துச் சொல்லலாம். முதலாமவர் தன் பிடிவாதத்தைப் பணயம் வைக்கிறார், இரண்டாமவர் தன் வாக்கியத்தையே வைக்கிறார். குண்டலகேசியின் கிளை இரண்டாவது வகை. பதில் வராவிட்டால் தோல்வி; அது மிதிபட்ட கிளையைப் போல எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

சரி, இரண்டாவது பலகை வைத்தவரெல்லாம் நேர்மையானவரா? அதுவும் இல்லை. அங்கே வேறொரு தந்திரம் இருக்கிறது. வந்தவர் உட்கார்ந்ததும், “சலுகை என்றால் என்ன? நீயே விளக்கு” என்று மேசைக்காரர் கேள்வியை ஆரம்பிப்பார். வந்தவர் ஒரு விளக்கம் சொல்வார். மீதி நேரம் முழுக்க அந்த விளக்கம்தான் அடிபடும். பலகை வாக்கியத்தை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். நியாய நூலார் இதற்கு அன்றே பெயர் வைத்தார்கள்: விதண்டை. தன் கட்சி எதையும் நிறுவாமல் எதிராளியின் கட்சியை மட்டும் உடைப்பது. நம் ஊரில் குறுக்கே பேசும் பிள்ளையை எல்லாம் விதண்டாவாதி என்று திட்டுகிறோம், பாவம். உண்மையான விதண்டாவாதி மேசைக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே வீடியோவைப் பார்க்கும்போது பலகை வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இப்போது காப்பாற்றப்படுவது அதே வாக்கியம்தானா என்று பாருங்கள். “எல்லாரும்” என்று எழுதியது “பெரும்பாலோர்” என்று சுருங்கினால் அங்கேயே கிளை மிதிபட்டுவிட்டது. யாரும் கைதட்டமாட்டார்கள். நீங்கள் தட்டுங்கள். ஒருவரைச் சுற்றி இருபது பேரை உட்காரவைத்து, பேசுபவரைச் சிவப்புக் கொடி காட்டி எழுப்பிவிடும் புது மோஸ்தர் நிகழ்ச்சிகளில் இதைப் பார்க்கவே முடியாது. வாக்கியம் சுருங்குவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். அது நாற்காலி பிடிக்கும் விளையாட்டு.

இவ்வளவு பேசுகிற நான் ஒருமுறை உட்கார்ந்தும் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. நண்பரின் சாப்பாட்டுக் கடை அஞ்சடியில் ஒரு மடக்கு மேசை, மைலோ பெட்டி அட்டை. அதில் எழுதியது: “தோட்டத்து வாழ்க்கை நல்ல வாழ்க்கை இல்லை. தவறென்று காட்டுங்கள்.” ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பால்மரம் வெட்டியவர். நான் பொரிந்து தள்ளினேன்: விடியுமுன் வெட்டுக்குப் போகவேண்டும், மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை, லயத்து வீடும் சொந்தமில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குச் சுகமாக இருந்தது.

“எல்லாம் சரி தம்பி. எந்தத் தோட்டம், எந்த வருசம்?”

“பொதுவா சொல்றேன் ஐயா.”

“பொதுவா தோட்டம்னு ஒண்ணு இல்லையே. நான் இருந்த லயத்தில ஒரு வீட்டில சாவுன்னா அன்னிக்கு மத்த வீட்டுல அடுப்பு எரியாது. இப்போ தாமான்ல பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியல. அது வாழ்க்கையில சேராதா?”

“நான் சம்பளத்தைத்தான் சொன்னேன்...”

“அப்போ அட்டையில சம்பளம்னு எழுதியிருக்கணும்.”

என் வாக்கியம் சுருங்கிய சத்தம் எனக்கே கேட்டது. தே தாரேக் காசை நான் கொடுத்தேன். அன்று யாராவது படம் பிடித்திருந்தால் நான் பொரிந்து தள்ளிய முதல் நான்கு நிமிடத்தை வெட்டி, ‘பெரியவரை வாயடைக்கவைத்த இளைஞர்’ என்று போட்டிருப்பார்கள். நீங்களும் அதைத்தான் பார்த்திருப்பீர்கள்.