குளச்சல் மணலில் நிற்கும் நண்டு: பிளெண்டரின் கேமரா டிராக்கிங்

கைபேசியைப் பிடித்து நடந்துகொண்டே எடுத்த காட்சியில், கணினியில் செய்த ஒரு நண்டை மணலில் நிற்க வைக்க வேண்டும். கேமரா எந்தப் பக்கம் அசைந்தாலும் அதன் கால்கள் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். இலவச மென்பொருளான பிளெண்டரில் இந்த வசதி 2011 இறுதியில் வந்த 2.61 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அடுத்த ஆண்டு வெளியான ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படம் அதை உரைத்துப் பார்ப்பதற்காகவே எடுக்கப்பட்டது. குளச்சல் கடற்கரை இதற்குக் கடினமான சோதனைக் களம். அலை, ஆடும் வள்ளம், இழுபடும் கரமடிக் கயிறு என்று கண்ணில் படுவதில் பாதி அசைந்துகொண்டே இருக்கிறது.

படம் எடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். கைபேசியில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு பிரேமையும் வெவ்வேறு இடத்தில் வெட்டுவதால், லென்ஸின் மையம் எங்கே என்று மென்பொருளால் கணிக்க முடியாமல் போகிறது. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பி எடுப்பதும் உதவாது. கேமரா இடம் மாறினால்தான் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் வேறுபட்டு நகரும், ஆழமும் புலப்படும். ஆகவே பக்கவாட்டில் சில அடிகள் நடந்து எடுத்தேன். வெறும் மணல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதால் புள்ளிகள் இடம் தாவும். அதற்காகச் செங்கல் துண்டுகளையும் சிப்பிகளையும் போட்டு வைத்தேன். இரண்டு செங்கற்களுக்கு இடையே சரியாக 1 மீட்டர்.

கைபேசி வீடியோவில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். முதலில் அதைச் சீரான படங்களாகப் பிரிப்பது நல்லது:

```
mkdir padam
ffmpeg -i kadal.mp4 -vf fps=30 padam/%04d.png
```

அவற்றை Movie Clip Editor-இல் திறந்து Detect Features கொடுத்தால் புள்ளிகள் தானாக விழும். வள்ளத்திலும் நுரையிலும் ஈரமணலின் பளபளப்பிலும் விழுந்தவற்றை இரக்கமின்றி நீக்கிவிட வேண்டும். தூண்டில் வளைவுப் பாறைகளில் விழுந்தவை இருக்கட்டும், கேமரா திரும்பும் கோணத்தை அவை நன்றாகச் சொல்லும். ஆனால் நண்டு நிற்கப்போவது மணலில். அது நிற்கும் இடத்தைச் சுற்றிலும் புள்ளிகள் வேண்டும். கணக்கிடுவதற்குத் தேர்ந்தெடுக்கும் இரண்டு முதன்மைப் பிரேம்களிலும் எட்டுப் புள்ளிகளாவது பொதுவாக இருக்க வேண்டும். இருபதுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

மிஞ்சிய புள்ளிகளைக் காட்சி முழுவதும் டிராக் செய்துவிட்டு Solve Camera Motion அழுத்தியதும் Solve Error என்றொரு எண் வரும். ஒரு பிக்சலுக்குக் கீழே வந்தால் பலரும் திருப்தியாகி விடுகிறார்கள். அந்த எண் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்த சராசரி. பாறைப் புள்ளிகள் நிறைய இருந்தால், மணலில் பிழை இருந்தும் எண் சிறிதாகவே தெரியும். நான் அதைவிட நம்புவது தரையை. மணலோடு ஒட்டிய மூன்று புள்ளிகளைத் தேர்ந்து Set Floor, செங்கற்களுக்கு இடைப்பட்ட 1 மீட்டரை வைத்து Set Scale. செங்கல்லின் மேல்விளிம்பில் இருக்கும் புள்ளியைத் தரைக்கு எடுத்தால் அங்கேயே கெட்டது.

ஏனென்று கணக்குப் போட்டால் விளங்கும். கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நண்டு மணலுக்கு 5 செ.மீ. மேலே மிதக்கிறது என்று கொள்வோம். கேமரா பக்கவாட்டில் 1 மீட்டர் நகர்ந்தால், நண்டு மணலில் ஏறக்குறைய மூன்றரை செ.மீ. வழுக்குவதுபோல் தெரியும். நண்டு எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இதே அளவுதான். சின்ன நண்டுக்கு அது அதன் பாதி உடம்பு. பார்ப்பவர் உயரப் பிழையைக் கவனிக்கமாட்டார், கால் வழுக்குவதைக் கண்டுபிடித்துவிடுவார்.

வழுக்கும் விதத்திலிருந்தே காரணத்தைப் பிடிக்கலாம். கேமரா நகரும் திசைக்கு எதிராக வழுக்கினால் நண்டு மிதக்கிறது. அதே திசையில் வழுக்கினால் புதைந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து தரையைத் திருத்துவதே, மறுபடி டிராக் செய்ய வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு பிரேமில் மட்டும் வெடுக்கென்று தாவினால், அந்த இடத்தில் ஏதோ ஒரு புள்ளி தொடங்குகிறது அல்லது முடிகிறது. அதன் Weight அளவைச் சில பிரேம்களில் படிப்படியாக ஏற்றியோ இறக்கியோ விட்டால் தாவல் அடங்கும். நண்டை வைப்பதற்கு முன், செங்கற்களுக்கு நடுவே ஒரு சிறு கூம்பை நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். கூர்முனை கொண்ட எளிய வடிவத்தில் வழுக்கல் உடனே தெரியும்.

நண்டின் நிழல் மணலில் விழ, தரைக்குச் சைக்கிள்ஸ் ரெண்டரில் Shadow Catcher போட வேண்டும். வெயில் வந்த திசையைப் படம் எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். காலடியில் நிழல் ஒட்டவில்லையென்றால், டிராக்கிங் சரியாக இருந்தாலும் நண்டு மிதப்பதுபோலத்தான் தெரியும்.

பிளெண்டரின் பெரிய குறை ஒன்று உண்டு. கைபேசி சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. வேகமாகத் திருப்பினால் நிமிர்ந்த கம்பமும் சாய்ந்து தெரியும். விலைக்கு வாங்கும் சிந்த்ஐஸ், 3டிஈக்வலைசர் போன்றவை இதற்கு ஈடுசெய்யும். பிளெண்டரின் கணிப்பானில் அந்த வசதி இல்லை. நிதானமாக நடந்து எடுத்த காட்சிக்கு பிளெண்டர் தாராளமாகப் போதும். ஓடிக்கொண்டு எடுத்ததற்குச் செலவு செய்யத்தான் வேண்டும்.