நின்ற இடத்தில் திரும்பும் கால்களை எப்படி ரசிப்பது?

தோளுக்குப் பின்னால் கேமரா நிற்கும் துப்பாக்கி விளையாட்டுகளில் மவுஸைத் தள்ளிய கணமே குறி திரும்பிவிடும். பாதங்களால் அப்படித் திரும்ப முடியாது. உடல் எடையை ஒரு காலில் ஏற்றி, மற்றதை எடுத்து வைத்து, பிறகு முதல் காலையும் இழுத்துச் சேர்க்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு நொடி பிடிக்கும். உடனே திரும்பும் குறிக்கும் தாமதமாகத் திரும்பும் பாதத்துக்கும் இடையே விழும் இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ‘டர்ன் இன் பிளேஸ்’ எனப்படும் அனிமேஷனின் வேலை. நன்றாகச் செய்திருந்தால் அது யார் கண்ணிலும் படாது. அதை ரசிக்க வேண்டுமானால் பார்வை துப்பாக்கியிலிருந்து காலணிக்கு இறங்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஏற்ற இடம் கட்டம் போட்ட தரை. பாத்திரத்தை ஒரு கோட்டின் மேல் நிறுத்தி, குறிபார்க்கும் நிலையில் வைத்து, கேமராவைச் சற்றே கீழே சாய்த்து, மெதுவாக வலப்பக்கம் திருப்பினால் போதும். மலிவாகச் செய்த விளையாட்டில் ஆள் முழுவதும் குயவர் சக்கரத்தின் மேல் வைத்த பொம்மைபோல் சுழல்வான்; காலணிகள் கோட்டைத் தேய்த்துக்கொண்டு போகும். அக்கறையோடு செய்ததில் முதல் சில டிகிரிகளுக்குப் பாதங்கள் அசையவே அசையாது. முதுகு மட்டும் முறுகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒரு கால் எழும்.

இதன் உள்வேலையைப் புரிந்துகொள்ள, எபிக் கேம்ஸ் 2022-இல் அன்ரியல் எஞ்சின் 5-உடன் வெளியிட்ட ‘லைரா’ என்ற மாதிரி விளையாட்டு நல்ல எடுத்துக்காட்டு. விளையாட்டின் கணக்கில் பாத்திரம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கேப்சூல். அது கேமராவோடு அப்படியே திரும்புகிறது. ஆனால் திரையில் தெரியும் உருவத்தை, கேப்சூல் திரும்பிய அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். கேப்சூல் வலப்பக்கம் 30 டிகிரி திரும்பினால் உருவத்துக்கு இடப்பக்கம் 30, கூட்டினால் சுழி. எனவே பாதம் அசைவதில்லை. இந்த எதிர்க்கோணத்துக்கு லைராவில் `RootYawOffset` என்று பெயர். இழந்த 30 டிகிரியை இடுப்புக்கு மேல் முதுகெலும்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வேலை ‘ஏய்ம் ஆஃப்செட்’ என்ற இன்னோர் அடுக்குக்கு. துப்பாக்கி குறியை விட்டு விலகாமல் இருப்பது அதனால்தான்.

முதுகு எவ்வளவு முறுகலாம்? லைராவில் எதிர்க்கோணம் 50 டிகிரியைத் தாண்டியதும் 90 டிகிரி திரும்பும் அனிமேஷன் தொடங்குகிறது. 50-க்கு 90 எதற்கு என்று தோன்றும். இந்த இடத்தில்தான் கணக்கின் அழகு இருக்கிறது. வலப்பக்கம் 50 டிகிரி பாக்கி இருக்கும்போது கால்கள் 90 திரும்பினால், அவை குறியைக் கடந்து 40 டிகிரி கூடுதலாகப் போய்விடும். இப்போது முதுகு இடப்பக்கம் 40 முறுக வேண்டும். 40 என்பது 50-க்குள் அடங்குவதால் ஆள் அமைதியாக நிற்பான். அதே எல்லையை 40 டிகிரி என்று வைத்திருந்தால்? கால்கள் 90 திரும்பி முடிந்ததும் எதிர்ப்பக்கம் 50 மிஞ்சும்; அது எல்லையைத் தாண்டுவதால் உடனே இடப்பக்கம் திரும்பச் சொல்லும்; அதன் பிறகு மறுபடி வலம். யாரும் மவுஸைத் தொடாமலே ஆள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருப்பான். ஆகவே எல்லை, திரும்பும் கோணத்தின் பாதியான 45-ஐவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். அரைகுறையாகச் செய்த விளையாட்டில் ஆள் காரணமின்றிக் கால் மாற்றிக்கொண்டே இருந்தால், அது பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிழைதான்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சுழற்சியின் மையம். வலப்பக்கம் திரும்பும் மனிதன் பொதுவாக எடையை இடக்காலில் ஏற்றுகிறான். வலக்கால் எழுந்து வெளிப்பக்கமாகத் திறந்து ஊன்றுகிறது. எடை அதற்கு மாறியதும் இடக்கால் முன்பாதத்தின் மேல் சுழன்று, குதிகால் வெளியே வீசி, பிறகு எழுந்து வந்து சேர்கிறது. ஊன்றிய காலில் முன்பாதம் தரையில் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். குதிகால் மட்டுமே வில்போல் வளைய வேண்டும். இரு பாதங்களும் ஒரே நேரத்தில் வில் வரைந்தால், சுழற்சியின் மையம் கால்களுக்கு நடுவே இருக்கிறது, அதாவது கேப்சூலின் அச்சில் என்று பொருள். காலில் இல்லாத சுழற்சி பொய்ச் சுழற்சி.

அனிமேஷன் நன்றாக இருந்தும் இந்தப் பிழை வரலாம். எடை மாறும் நேரத்தில் உடல் ஏறக்குறையத் திரும்புவதே இல்லை. கால் எழுந்த பிறகுதான் விரைவாகத் திரும்புகிறது. எதிர்க்கோணத்தைச் சீரான வேகத்தில் குறைத்தால் இந்த ஏற்ற இறக்கத்தோடு அது பொருந்தாது, ஊன்றிய கால் வழுக்கும். அதனால் லைராவில், இன்னும் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவை அந்த அனிமேஷனிலிருந்தே ஒரு வளைகோடாக எடுத்து வைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் அதன்படியே கோணத்தைக் குறைக்கிறார்கள். சில விளையாட்டுகள் பாதத்தைத் தரையோடு பூட்டி வழுக்கலை மறைக்கின்றன. பூட்டு அளவுக்கு மீறி நீண்டால் முழங்கால் துணி பிழிவதுபோல் உள்ளே முறுகும். வழுக்கல் தெரியாத இடத்தில் முழங்காலைப் பார்ப்பது நல்லது.

கடினமான சோதனை, பாதி திரும்பும்போது நடக்கத் தொடங்குவது. திரும்பும் அனிமேஷனையும் நடை லூப்பையும் வெறுமனே சராசரி எடுத்துக் கலந்தால், ஒன்றில் 12 செ.மீ. உயரத்தில் இருக்கும் பாதமும் மற்றதில் தரையில் இருக்கும் பாதமும் சேர்ந்து 6 செ.மீ. உயரத்தில் மிதக்கும். இதைத் தவிர்க்க, எந்தக் கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று அனிமேஷன்களில் குறியிட்டு வைப்பார்கள். வலக்கால் காற்றில் இருக்கும்போது நடை தொடங்கினால், நடை லூப்பும் வலக்கால் காற்றில் இருக்கும் கட்டத்திலிருந்தே நுழையும். மிச்சமிருக்கும் எதிர்க்கோணத்தை லைரா நடை தொடங்கும் கட்டத்தில் அப்படியே பிடித்து வைத்து, நடை நிலைத்த பிறகு மெல்லக் கரைக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு காலும் தானாகவே எழுந்து புதிய திசையில் ஊன்றுவதால் அந்தக் கரைவு தெரிவதில்லை. நின்றுகொண்டிருக்கும்போது கரைத்தால் உடனே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. மவுஸைச் சட்டென்று 180 டிகிரி சொடுக்கினால் எந்த அனிமேஷனும் ஈடுகொடுக்காது. லைராவில் எதிர்க்கோணம் ஒரு பக்கம் 120, மறுபக்கம் 100 டிகிரியோடு நிறுத்தப்படுகிறது. அதற்கு மேல் கால்கள் இழுபடவே செய்யும். இது பிழையல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. குண்டு குறிவைத்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகக் காலின் உண்மையை விட்டுக்கொடுக்கிறார்கள். கன்ட்ரோலரின் குச்சியால் திரும்பும் வேகத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், அதே விளையாட்டின் அதே கால்கள் மவுஸைவிடக் கன்ட்ரோலரில் அழகாகத் திரும்பும்.