750, 700, 450: தேர்ச்சிக் கோட்டை யார் போடுகிறார்கள்?

தகவல் பாதுகாப்புத் துறையில் செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்குத் தேர்ச்சி மதிப்பெண் 750, சிஐஎஸ்எஸ்பிக்கு 700, சிஐஎஸ்எம்முக்கு 450. தொடக்கநிலைத் தேர்வுக்குத்தான் அதிக மதிப்பெண் வேண்டும்போலிருக்கிறதே என்று பலர் குழம்புகிறார்கள். முதலாவதன் அளவுகோல் 100 முதல் 900 வரை. மூன்றாவதன் அளவுகோல் 200 முதல் 800 வரை. இந்த எண்கள் சரியான விடைகளின் எண்ணிக்கையும் அல்ல, விழுக்காடும் அல்ல.

உண்மையான கோடு வேறிடத்தில் போடப்படுகிறது. சான்றிதழ்த் தேர்வுகளில் பரவலாகக் கையாளப்படுவது, வில்லியம் ஆங்காஃப் 1971இல் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை. துறை வல்லுநர்கள் கூடி, அந்தப் பணிக்குத் தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒருவரை முதலில் வரையறுக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கேள்வியிலும், 'இப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் சரியாக விடையளிப்பார்கள்?' என்று கணிக்கிறார்கள். ஒரு கேள்விக்கு மூவர் 60, 70, 80 என்றால் சராசரி 70, அதாவது 0.7 மதிப்பெண். நூறு கேள்விகளின் சராசரிகளையும் கூட்டி 64 வந்தால் அதுவே கோடு. இந்த 64ஐத்தான் 750 என்றோ 450 என்றோ அளவுகோலில் பதிக்கிறார்கள். அடுத்த வினாத்தாள் சற்றுக் கடினமாக அமைந்தால், அதில் 61 எடுத்தவருக்கும் அதே 450 கிடைக்கும். இதில் சலுகை எதுவுமில்லை. தாளுக்குத் தாள் நியாயம் மாறாமலிருக்கும் ஏற்பாடு இது.

முதல் இத்தனை பேருக்குத்தான் தேர்ச்சி என்ற ஒதுக்கீடு இல்லாதது இந்த முறையின் பெரிய பலம். பலவீனமோ வல்லுநர்களிடமே இருக்கிறது. பல்லாண்டு அனுபவம் உள்ளவருக்குப் புதியவரின் தடுமாற்றம் நினைவிலிருப்பதில்லை. கடினமான கேள்விக்கும் 75 என்று எழுதிவிடுகிறார். அதனால் இரண்டாம் சுற்றில் உண்மைத் தரவைக் காட்டுகிறார்கள்: தேர்வெழுதியவர்களில் 45 விழுக்காட்டினரே சரியாக எழுதினர். உடனே கணிப்புகள் இறங்குகின்றன. இந்த இறக்கம் அளவுமீறினால், பணிக்கு என்ன தேவை என்பது போய், எழுத வந்தவர்களுக்கு என்ன தெரியும் என்பதே தரமாகிவிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

துறை ஒன்றானாலும் கோடுகள் வேறுபடுவதற்கு அடிப்படைக் காரணம், அந்த விளிம்பு மனிதர் வேறு என்பதே. செக்யூரிட்டி பிளஸ்ஸில் அவர் பணியில் அண்மையில் நுழைந்தவர். சிஐஎஸ்எஸ்பி ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறது. சிஐஎஸ்எம் பாதுகாப்பு நிர்வாகத்தில் அனுபவம் கேட்கிறது. ஒரே கேள்விக்கு ஒரு குழு 55 என்றும் மற்றொரு குழு 90 என்றும் சொல்வது முறையே.

ஆனால் அந்த மனிதரின் விவரம், குழுவில் இருந்தவர்கள், கணிப்புகள் எவ்வளவு சிதறின என்பவை தேர்வெழுதுவோருக்கு எளிதில் கிடைப்பதில்லை. மதிப்பெண் மட்டுமே கண்ணில் படுகிறது. 63க்கும் 64க்கும் உள்ள இடைவெளியைத் தேர்வின் அளவீட்டுப் பிழையே விழுங்கிவிடும். அந்தப் பிழையளவையும் விளிம்பு மனிதரின் வரையறையையும் சான்றளிக்கும் அமைப்புகள் மதிப்பெண்ணுடன் சேர்த்தே வெளியிட வேண்டும். அதுவரை, ஆள் எடுப்பவர்கள் 750ஐயும் 450ஐயும் ஒப்பிட்டு எவரையும் தள்ளிவிடக் கூடாது.